ஒரே வயசு, மூணு பிள்ளைங்க: க்ரோத் சார்ட் காட்டுறதும் காட்டாததும்

க்ரோத் சார்ட் பத்தி வர்ற கேள்வில முக்காவாசி "எடை இந்த கோட்டுக்கு கீழ இருக்கு, பயப்படணுமா"ங்கறதுதான். எடையை மட்டும் வச்சு அதுக்கு பதில் சொல்ல முடியாது. ஒரே வயசு, ஒரே எடைல இருக்குற ரெண்டு பிள்ளைல ஒண்ணுக்கு இன்னிக்கே வைத்தியம் ஆரம்பிக்கணும், இன்னொண்ணுக்கு அதே வைத்தியம் பண்ணா பிரயோஜனமே இல்லைன்னு வரும். கணக்குக்காக மூணு பையன்களை எடுத்துக்குவோம், மூணு பேருக்கும் 18 மாசம். முதல் பையன் 7.6 கிலோ, நீளம் 78 செ.மீ. ரெண்டாவது பையனும் 7.6 கிலோதான், ஆனா நீளம் 71 செ.மீ. மூணாவது பையன் 8.7 கிலோ, 76 செ.மீ.

அங்கன்வாடில போடுற சார்ட் வயசுக்கு எடை சார்ட். 18 மாச பையனுக்கு அதுல நடுக்கோடு 10.9 கிலோ, மைனஸ் 2 கோடு 8.8, மைனஸ் 3 கோடு 7.8. மைனஸ் 2ன்னா நல்லா வளர்ற நூறு பிள்ளைல ரெண்டு மூணு பேர்தான் அதுக்கு கீழ இருப்பாங்க, மைனஸ் 3ன்னா ஆயிரத்துல ஒருத்தர். அப்போ நம்ம முதல் ரெண்டு பேரும் மைனஸ் 3க்கு கீழ, ரெண்டு பேரையும் ஒரே மாதிரி "கடுமையான எடைக்குறைவு"ன்னு எழுதிடுவாங்க, மூணாவது பையன் மைனஸ் 2ஐ ஒட்டி நிக்கிறான், அவன் பரவால்லன்னு விட்டுடுவாங்க. மூணு பேர்ல அவன்தான் ரொம்ப ஆபத்துல இருக்கான், அது எப்படின்னு கொஞ்சம் பொறுத்து சொல்றேன்.

இங்க ஒரு வாதம் எப்பவும் வரும், "இது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு போட்ட சார்ட், நம்ம பிள்ளைங்க உடம்புவாகே சின்னது"ன்னு. பழைய சார்ட்டுக்கு அது ஓரளவு சரி. ஆனா 2006ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சார்ட் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டது, இந்தியாவுக்கு டெல்லில அளந்தாங்க. தாய்ப்பால் குடிச்ச, அம்மா புகை பிடிக்காத, வசதிக்குறைவு இல்லாத வீட்டுப் பிள்ளைகளா பொறுக்கி எடுத்தாங்க, அப்படி எடுத்தப்போ ஆறு நாட்டுலயும் சின்னப் பிள்ளைங்களோட நீளம் கிட்டத்தட்ட ஒண்ணா வளந்துச்சு. அதனால அஞ்சு வயசுக்குள்ள "நம்ம உடம்புவாகு"ங்கற சமாதானம் பெருசா நிக்காது.

சரி, முதல் ரெண்டு பேரை பிரிக்கிறது எது? நீளத்துக்கு எடை. 78 செ.மீ. பையனுக்கு நடு எடை சுமார் 10 கிலோ, மைனஸ் 3 கோடே எட்டு கிலோவை ஒட்டி வரும், முதல் பையன் 7.6ல அதுக்கும் கீழ கிடக்கான். இருக்குற நீளத்துக்கு சதை இல்லை, உடம்பு தன்னையே தின்னுக்கிட்டிருக்கு. இதைத்தான் வேஸ்டிங்னு சொல்றாங்க, மைனஸ் 3க்கு கீழ போனா தீவிர ஊட்டச்சத்துக் குறைவு, சுருக்கமா சாம். ரெண்டாவது பையனுக்கு பாருங்க, 71 செ.மீ.க்கு மைனஸ் 2 கோடு 7.3 பக்கம், அவன் 7.6, அதாவது அவன் நீளத்துக்கு அவன் எடை ஏறக்குறைய சரியாத்தான் இருக்கு. அவன் பிரச்சினை நீளத்துல: 18 மாசத்துல மைனஸ் 3 கோடு 74 செ.மீ., இவன் எட்டு மாசப் பிள்ளை அளவுக்குத்தான் இருக்கான். இது ஸ்டன்டிங், மாசக்கணக்கா, ஒருவேளை வயித்துல இருக்கும்போதிருந்தே, சேர்ந்த குறை. இவனை வார்டுல போட்டு கலோரியை ஏத்தினா சதை போடுவான், நீளம் திடீர்னு வராது.

அதனால நீளம் அளக்குறது தப்பாச்சுன்னா மொத்தக் கணக்கும் தப்பாயிடும். ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வச்சுதான் அளக்கணும், ஒருத்தர் தலையை பிடிக்க, ஒருத்தர் முட்டியை நேரா அமுக்கி பாதத்தை பலகைல சேர்க்கணும். ஒரே ஆள் அழற பிள்ளையை டேப் வச்சு அளந்தா ரெண்டு செ.மீ. குறையுறது சாதாரணம், நீளம் குறைஞ்சா நீளத்துக்கு எடை நல்லா இருக்குற மாதிரி தெரியும், முதல் பையன் மாதிரி ஆள் தப்பிச்சுப் போயிடுவான். நீளப்பலகை இல்லாத இடத்துல புஜச் சுற்றளவு டேப் இருக்கு, இடது கைல தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவுல சுத்தி பாக்குறது, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 11.5 செ.மீ.க்கு கீழன்னா சாம். டேப்பும் நீளத்துக்கு எடையும் எப்பவும் ஒரே பிள்ளையை காட்டாது, ஒண்ணுல மாட்டாத பிள்ளை இன்னொண்ணுல மாட்டும், ரெண்டுல ஒண்ணு சொன்னாலே போதும், சேர்த்துக்கணும்.

இப்ப மூணாவது பையன். 76 செ.மீ.க்கு 8.7 கிலோ, மைனஸ் 2க்கு மேல, டேப்பும் ஒண்ணும் சொல்லல, கன்னம் உப்பி இருக்கு, பாட்டி "புஷ்டியா இருக்கான்"னு சொல்லியிருப்பாங்க. ரெண்டு பாதத்து மேலயும் கட்டைவிரலால மூணு செகண்ட் அமுக்கிட்டு எடுத்தா குழி அப்படியே நிக்குது. எடை பூரா தண்ணி. ரெண்டு காலுலயும் குழி விழுற வீக்கம் இருந்தா, வேற நோய் காரணம் இல்லைன்னா, எடை கோடு எங்க இருந்தாலும் சரி, அது சாம். பாதம் மட்டும்னா ஒரு ப்ளஸ், கணுக்கால், கால், கைன்னு ஏறினா ரெண்டு ப்ளஸ், முகம் வரைக்கும் வந்தா மூணு ப்ளஸ். இவன் மூணு ப்ளஸ். சார்ட்டுல இதுக்குன்னு ஒரு கோடு கிடையாது, விரலாலதான் கண்டுபிடிக்கணும், ஒரு காலுல மட்டும் வீக்கம்னா அது அடியோ சீழோ, கணக்குல வராது.

முதல் பையனுக்கு இருக்குறது மராஸ்மஸ், மூணாவது பையனுக்கு குவாஷியார்கர், ரெண்டும் கலந்து வந்தா மராஸ்மிக் குவாஷியார்கர். மராஸ்மஸ் பிள்ளைக்கு கிழவன் மூஞ்சி, விலா எலும்பு எண்ணலாம், பின்பக்கத் தோல் தொளதொள ட்ராயர் மாதிரி தொங்கும், ஆனா பெரும்பாலும் முழிச்சு பாக்கும், பசின்னு கைல கிடைச்சதை வாய்ல வைக்கும். குவாஷியார்கர் பிள்ளை எதுலயும் ஈடுபாடில்லாம சிணுங்கிக்கிட்டே உக்காந்திருக்கும், சாப்பாட்டை தள்ளும், முடி செம்பட்டையாகி புடுங்கினா வலியில்லாம வரும், தோல் கருத்து பழைய பெயின்ட் மாதிரி உரியும், ஈரல் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருக்கும்.

பரீட்சைக்குப் படிக்கிறவங்க கேக்குற கிரேடு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன். இந்திய குழந்தை மருத்துவர் சங்கத்தோட 1972 பிரிவுப்படி வயசுக்கு எடை 80 சதவீதத்துக்கு மேல சரி, 71-80 முதல் கிரேடு, 61-70 ரெண்டு, 51-60 மூணு, 50ம் அதுக்கு கீழயும் நாலு. நம்ம முதல் பையன் சுமார் 70 சதவீதம், அதாவது வெறும் ரெண்டாம் கிரேடு! 1970ல வந்த வெல்கம் பிரிவுலயும் மராஸ்மஸ்னு சொல்ல 60க்கு கீழ போகணும், அதுபடி இவனுக்கு மராஸ்மஸே இல்லை. ஆனா நீளத்தை சேர்த்துப் பாத்தா இவன் தீவிரம். வெல்கம்ல உருப்படியான விஷயம் வீக்கத்தை தனியா கேட்டது, அது ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. பரீட்சைல கேட்டா எழுதுங்க, பிள்ளையை பாக்கும்போது அந்த டேபிளை வச்சு முடிவு பண்ணாதீங்க.

குவாஷியார்கர் ஏன் வருதுங்கறது ஒரு பெரிய கதை, சாப்பாட்டு திட்டத்தை புரிஞ்சுக்க அது வேணும். சிஸிலி வில்லியம்ஸ்ங்கற டாக்டரம்மா இப்போ கானான்னு சொல்ற கோல்டு கோஸ்ட்ல வேலை பாத்தப்போ 1933ல இதை எழுதினாங்க, அடுத்த பிள்ளை வந்ததும் பால் மறக்கடிச்சு மக்காச்சோளக் கஞ்சில வளர்ற பிள்ளைக்கு வருதுன்னு கவனிச்சாங்க. நம்ம ஊர்ல சவலைப் பிள்ளைன்னு சொல்ற அதே நிலைமை. அதுல இருந்து "புரோட்டீன் குறைவுதான் காரணம்"னு ஒரு முடிவு கெட்டிப்பட்டு, அடுத்த முப்பது நாப்பது வருஷம் உலகம் பூரா புரோட்டீன் பவுடர் தயாரிக்கிறதுலயே போச்சு. இதை முதல்ல அசைச்சவங்கள்ல ஒருத்தர் சேலத்துக்காரர், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்தின சி.கோபாலன். 1960கள்ல அவர் சொன்னது, மராஸ்மஸ் வந்த பிள்ளையும் குவாஷியார்கர் வந்த பிள்ளையும் சாப்பிட்ட சாப்பாட்டுல புரோட்டீன் அளவு பெருசா வித்தியாசப்படல, ரெண்டு பேருக்குமே மொத்த சாப்பாடே போதல, உடம்பு அதை எப்படி சமாளிச்சதுங்கறதுலதான் வித்தியாசம்னு. 1974ல டொனால்ட் மெக்லாரன் லான்செட்ல எழுதின கட்டுரை இந்த புரோட்டீன் பைத்தியத்தையே நேரா போட்டுத் தாக்குச்சு. அப்புறம் ஜமைக்கால மைக்கேல் கோல்டன், புரோட்டீன் கம்மியான சாப்பாட்டுலயே வீக்கம் வடியறதை காட்டினார். ஆன்டிஆக்ஸிடன்ட் குறைவுதான் காரணம்னு அவர் சொன்ன கருத்தை வச்சு மலாவில பிள்ளைகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்துப் பாத்தாங்க, நோய் வர்றது குறையல. ஒரே வீட்டு இரட்டைப் பிள்ளைல ஒண்ணுக்கு வந்து ஒண்ணுக்கு வராததை வச்சு குடல் பாக்டீரியா பக்கமும் ஆராய்ச்சி போயிருக்கு. ஒரு முழுமையான காரணம் இன்னும் கைக்கு வரல, ஆனா "வீக்கமா, முட்டையும் பருப்பும் நிறைய கொடு"ங்கறது மட்டும் தப்புன்னு உறுதியா தெரியும்.

ஏன் தப்பு? பட்டினி கிடக்குற உடம்பு லோ வோல்டேஜ்ல ஓடுற வீடு மாதிரி, எல்லாத்தையும் குறைச்சு வச்சுக்கிட்டு ஓட்டுது, திடீர்னு கிரைண்டரும் ஏசியும் சேர்த்து போட்டா ஃபியூஸ் போகும். செல்லுக்குள்ள இருந்து சோடியத்தை வெளிய தள்ளுற பம்ப் மெதுவாயிடுது, அதனால உள்ள சோடியம் தேங்கி, பொட்டாசியம் வெளிய கசிஞ்சு போயிடும். இதயத் தசை மெலிஞ்சிருக்கும், ஈரலும் கிட்னியும் அரை வேலைதான் பாக்கும். இந்த நேரத்துல ஒரேயடியா சாப்பாட்டை ஏத்தினா இன்சுலின் சுரந்து பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள பாயும், பம்ப் முழிச்சு சோடியமும் தண்ணியும் ரத்தத்துக்கு வந்து சேரும், பலவீனமான இதயம் தாங்காது. பிள்ளை வந்த அன்னிக்கு இல்ல, ரெண்டு மூணு நாள் கழிச்சு "நல்லா சாப்பிட ஆரம்பிச்சான், ராத்திரி போயிட்டான்"னு சொல்றது இதனாலதான். டீஹைட்ரேஷன்னு அவசரப்பட்டு ட்ரிப் ஏத்துறதும் இதே கதி, ஷாக்ல இருந்தா தவிர ட்ரிப் போடக் கூடாதுன்னு சொல்றது அதுக்குத்தான், சாதாரண வயித்துப்போக்குக்கு சோடியம் கம்மியா பொட்டாசியம் கூடுதலா இருக்குற ரீசோமால் வாய் வழியா கொடுப்பாங்க.

அதனால முதல் கட்ட சாப்பாடு, எஃப்-75, எடை ஏத்துறதுக்கே இல்ல. 100 மில்லில 75 கலோரி, புரோட்டீன் வெறும் 0.9 கிராம். ரெடி பாக்கெட் இல்லாத இடத்துல வார்டுலயே கலக்குறதுக்கு ஒரு முறை இருக்கு, 300 மில்லி பசும்பால், 100 கிராம் சர்க்கரை, 20 கிராம் எண்ணெய், அதோட பொட்டாசியம் மெக்னீசியம் எல்லாம் இருக்குற மினரல் கரைசல், தண்ணி சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர். மினரல் கரைசல் இல்லாம வெறும் பாலும் சர்க்கரையும்னா அது எஃப்-75 ஆகாது, அதனால இதை வீட்டுல செஞ்சு பாக்குற வேலை வேண்டாம்.

முதல் பையனுக்கு கணக்கு போடுவோம். அவனுக்கு காய்ச்சல் இருக்கு, சாப்பாட்டை வேண்டாங்கிறான், அதனால வார்டுல சேர்க்குறோம். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 130 மில்லி, 7.6 கிலோவுக்கு சுமார் 990 மில்லி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பன்னெண்டு வேளை, வேளைக்கு ஏறக்குறைய 85 மில்லி. அம்மாவுக்கு இதை பாத்தா கோவம் வரும், ஒரு டம்ளர்ல பாதி கூட இல்லையேன்னு, பிள்ளை வேற பாத்திரத்தை நக்கும். ஆனா இதுல 740 கலோரி வருது, கிலோவுக்கு நூறை ஒட்டி, உடம்பு இருக்குற நிலைமைல நிக்கறதுக்கு அது போதும். ராத்திரி ரெண்டு மணி, நாலு மணி வேளையை விடவே கூடாது, விட்டா சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லுன்னு ஆகும். ரத்த சர்க்கரை 54க்கு கீழ போனா முழிச்சிருக்குற பிள்ளைக்கு 10 சதவீத குளுக்கோஸ் 50 மில்லி உடனே வாய்ல. காய்ச்சல் இல்லாட்டியும் கிருமித்தொற்று இருக்குன்னு வச்சுக்கிட்டே ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பாங்க, ஏன்னா இந்த உடம்புக்கு காய்ச்சல் வரவைக்கவே தெம்பு இருக்காது. இரும்பு டானிக் மட்டும் இப்ப கிடையாது, எவ்ளோ வெளிறிப் போயிருந்தாலும் சரி, பசி வந்து எடை ஏற ஆரம்பிச்ச பிறகுதான், அதுக்கு முன்னாடி கொடுத்தா தொற்று மோசமாகும்.

மூணாவது பையனுக்கு வீக்கம் மூணு ப்ளஸ், அதனால கிலோவுக்கு 130 இல்ல, 100 மில்லிதான், 8.7க்கு 870, வேளைக்கு 70 சொச்சம். எடைல தண்ணியும் சேர்ந்திருக்குறதால 130ன்னு போட்டா அவன் நிஜ உடம்புக்கு கூடிப்போகும். இவன் விஷயத்துல வீட்டுக்காரங்க பயந்துபோற இடம் ஒண்ணு இருக்கு: முதல் வாரத்துல எடை இறங்கும். 8.7ல இருந்தவன் 7.9க்கு வந்துட்டான்னா, வீக்கமும் வடிஞ்சு சிரிக்க ஆரம்பிச்சான்னா, வைத்தியம் சரியா போகுதுன்னு அர்த்தம். வீக்கம் வடியாம எடை ஏறினாத்தான் கவலைப்படணும். இதை சேர்க்குற அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லாட்டி, "இங்க வந்து பிள்ளை இளைச்சுட்டான்"னு அஞ்சாம் நாள் தூக்கிட்டு போயிடுவாங்க.

பசி திரும்பி வீக்கமும் இறங்க ஆரம்பிச்சா, வழக்கமா ஒரு வாரத்துக்குள்ள, எஃப்-100க்கு மாத்துவாங்க, 100 மில்லில 100 கலோரி, புரோட்டீன் 2.9 கிராம். இங்கதான் நிறைய தப்பு நடக்குது. முதல் 48 மணி நேரம் எஃப்-75 எவ்ளோ குடிச்சானோ அதே அளவுதான் எஃப்-100, ஒரு சொட்டு கூட்டக் கூடாது. அதுக்கப்புறம் வேளைக்கு 10 மில்லியா ஏத்திக்கிட்டே போகணும், பிள்ளை கொஞ்சம் மீதி வைக்கிற வரைக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணணும், நாடி நிமிஷத்துக்கு 25ம் மூச்சு 5ம் கூடி அடுத்த எண்ணிக்கைலயும் அப்படியே நின்னா இதயம் திணறுதுன்னு அர்த்தம், அளவை உடனே கிலோவுக்கு 100 மில்லிக்கு இறக்கிடணும். இந்த கட்டம் தாண்டிட்டா தாராளமா விடலாம், கிலோவுக்கு 150ல இருந்து 220 கலோரி வரைக்கும், அதுதான் சதை போடுற காலம்.

சரியா போகுதான்னு பாக்க ஒரு கணக்கு. முதல் பையன் 7.6ல இருந்து ஒரு வாரத்துல 8.2க்கு வந்தான்னா 600 கிராம், நாளைக்கு 86 கிராம், 7.6ஆல வகுத்தா கிலோவுக்கு 11 கிராம். பத்துக்கு மேலன்னா நல்ல ஏத்தம், அஞ்சுல இருந்து பத்து சுமார், அஞ்சுக்கு கீழன்னா எங்கயோ ஓட்டை. ஓட்டை எங்கன்னு தேடுறப்போ முதல்ல பாக்க வேண்டியது ராத்திரி வேளை உண்மையிலயே கொடுத்தாங்களாங்கறது, அடுத்து மூத்த பிள்ளை பங்கு கேட்டு குடிச்சுதா, அதுக்கப்புறம்தான் டிபி, மூத்திரத் தொற்று, காது சீழ் மாதிரி ஒளிஞ்சிருக்குற விஷயம்.

எல்லா சாம் பிள்ளையும் வார்டுக்கு வரணும்னு இல்ல. வீக்கம் கடுமையா இல்லாம, காய்ச்சல் மூச்சு கோளாறு இல்லாம, பசி பரிசோதனைல நல்லா சாப்பிட்டா வீட்டுல வச்சே பாக்கலாம். பல நாட்டுல அதுக்கு வேர்க்கடலை பேஸ்ட் பாக்கெட் கொடுக்குறாங்க, 92 கிராம் பாக்கெட்ல 500 கலோரி, தண்ணி சேர்க்காததால கெடாது. இந்தியால அந்த பாக்கெட் வேணுமா வேண்டாமான்னு பல வருஷமா சண்டை, எனக்கு ரெண்டு பக்கத்துலயும் நியாயம் தெரியுது.

ரெண்டாவது பையனை மறந்துடல. அவனுக்கு எஃப்-75ம் வேண்டாம், எஃப்-100ம் வேண்டாம், ஆனா அவன் கோடு என்னிக்கு படுக்க ஆரம்பிச்சுதுன்னு கார்டுல பின்னோக்கி பாக்கணும். பெரும்பாலும் ஆறு மாசத்துக்கும் ஒன்பது மாசத்துக்கும் நடுவுலதான் முதல்ல எடைக்கோடு தட்டையாகும், அப்போ அவன் இன்னும் பச்சை நிறத்துக்குள்ளயே இருந்திருப்பான், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. தமிழ்நாட்டுல 1980ல உலக வங்கி கடனோட ஆரம்பிச்ச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து திட்டம் இதைத்தான் மாத்திப் பாத்துச்சு: ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை மாசாமாசம் எடை போட்டு, எந்த நிறத்துல இருக்குன்னு மட்டும் பாக்காம ஏத்தம் குறைஞ்ச பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு, தேறிட்டா நிறுத்திடறது. புள்ளி எங்க இருக்குன்னு பாக்குறதை விட கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்குறது நாலஞ்சு மாசம் முன்னாடியே சேதி சொல்லிடும்.

இவனுக்கும், வார்டுல இருந்து வீட்டுக்குப் போற மத்த ரெண்டு பேருக்கும் வீட்டு சாப்பாட்டுல இடிக்கிற விஷயம் ஒண்ணுதான், வயிறு சின்னது, கஞ்சி தண்ணி. அரிசி மாவு பத்து கிராம் போட்டு 100 மில்லி கஞ்சி காய்ச்சினா 35 கலோரிதான் வரும், அதுக்கு மேல மாவு போட்டா களி மாதிரி கெட்டியாகி பிள்ளை துப்பும். அதே கஞ்சில ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டா இன்னும் 45 கலோரி, ஒரே கைல ரெண்டு மடங்குக்கு மேல. இன்னொரு வழி முளைகட்டின கேழ்வரகு மாவு, முளைக்கும்போது வர்ற அமிலேஸ் மாவுச்சத்தை உடைக்கும், கெட்டியா காய்ச்சின கஞ்சி கொஞ்சம் ஆறினதும் ஒரு சிட்டிகை கலந்தா சில நிமிஷத்துல இளகிடும், அதனால மாவை ரெண்டு மடங்கு போட்டாலும் பிள்ளை குடிக்கும். கொதிக்கிறப்போ போட்டா அமிலேஸ் செத்துடும், வேலை செய்யாது, இளகின பிறகு வேணும்னா திரும்ப ஒரு கொதி விட்டுக்கலாம். அதோட தினம் ஒரு முட்டை, பருப்பு கடைஞ்ச சாதம், மூணு வேளை சாப்பாட்டுக்கு நடுவுல ரெண்டு தடவை ஏதாவது, தாய்ப்பால் நிக்காம.

வைத்தியம் முடிஞ்சுதுன்னு எழுதறதுக்கு நீளத்துக்கு எடை மைனஸ் 2க்கு வந்திருக்கணும், இல்ல புஜம் 12.5 செ.மீ. தொடணும், எதை வச்சு சேர்த்தாங்களோ அதை வச்சுத்தான் விடணும், வீக்கம் வடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியிருக்கணும். மூணாவது பையன் வீக்கத்துக்காகத்தான் உள்ள வந்தான், அதனால அவன் வீட்டுக்குப் போன பிறகும் ஒவ்வொரு தடவை வரும்போதும் தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் அமுக்கிப் பாத்துடணும்.